பிப்ரவரி மாதத்து நாற்பத்திரண்டு நிமிடம்

லூர்துநாதன் பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று நாலு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

அப்போது செஞ்சியில், திண்டிவனம் சாலையோரம், ஒரு சின்ன ரிப்பீட்டர் நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். திருவண்ணாமலையிலிருந்து மெட்ராசுக்குப் போகும் டெலிபோன் பேச்சு வழியிலேயே இளைத்துவிடும். அதற்குப் பலம் கொடுத்து அனுப்புவது எங்கள் பெட்டிகளின் வேலை. பொறுப்பு அவருடையது, நான் உதவிக்கு.

அந்த லைன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது பங்கு நேரம் ஓட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முப்பது நாளுக்கு 43,200 நிமிடம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நாற்பத்து மூன்று நிமிடம் சொச்சம், நின்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பொறுப்பாளருக்கு மாற்றல். லூர்துநாதனுக்கு அந்தப் பயம் பெரிது. மனைவி ஜோசப்பின் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர், இரண்டு குழந்தைகள். பெட்டியின்மேல் சாக்பீசால் 43 என்று எழுதி வைத்திருந்தார்.

செப்டம்பரில் நின்றது 42 நிமிடம். அக்டோபரில் 43. நவம்பரில் 42. பழுதுக்குக்கூடவா கணக்குத் தெரியும்? எனக்குச் சந்தேகம் தட்டியது, கவனிக்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து நேரே வருவார். மெட்ராசைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நன்றாக ஓடும் லைனை நிறுத்துவார். பெட்டிக்குள் பல்பு மாதிரி இருக்கும் வால்வுகளில் தளர்ந்தவற்றைக் கழற்றிப் புதிது போடுவார்.

"ஓடறத ஏண்ணே நிறுத்துறீங்க?"

"தானா நின்னது பன்னண்டு நிமிஷந்தான். மிச்சத்த சும்மா வுடுவானேன்? இப்ப மாத்திட்டா, பின்னால மணிக்கணக்குல நிக்காது."

நான் நம்பவில்லை. பெரிய பழுதை மறைக்க ஆடும் நாடகம் என்று பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு மனு அனுப்பினேன்.

1966 பிப்ரவரி. தானாக நின்றது பன்னிரண்டு நிமிடம், ஞாயிற்றுக்கிழமை அவர் நிறுத்தியது முப்பது. இருபத்தெட்டு நாளுக்கு நாற்பது நிமிடம் பத்தொன்பது விநாடிதான் நிற்கலாம் என்று எனக்குத் தெரியும். முன்தினமே காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். அவர் ஸ்விட்சில் கை வைத்தபோது பேசாமல் நின்றேன். மாட்டட்டும் என்றிருந்தது.

மார்ச்சில் இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன் லைன் நின்ற நேரத்தை மெட்ராசில் குறித்துவைத்த நோட்டோடு வந்து, ஆறு மாதத்தையும் ஒத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் பிசகவில்லை.

"பொய் எழுதறவனா இருந்தா போன மாசம் நாப்பதுன்னு எழுதியிருப்பான்," என்றார். "ஆனா பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான், லூர்துநாதன். கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் நிமிஷம் கூடிப்போச்சு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மாற்றல் திருச்சிக்கு. லூர்துநாதன் சாக்பீஸ் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா இளையபெருமாளு, நம்ம ரெண்டு பேருக்குமே தோணல."

"ஆமாண்ணே," என்றேன்.