மேல்பல்லா, கீழ்ப்பல்லா

தையல்கடை அக்கா பல் டாக்டரிடம் வரும்போதே முடிவோடுதான் வந்தாள்.

"இந்த மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிடுங்க டாக்டர். உயிரை வாங்குது."

டாக்டரம்மா மேல்பல்லைத் தட்டினார்; ஒன்றுமில்லை. கீழ்ப்பல்லைத் தட்டியதும் அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"பிடுங்கறது இருக்கட்டும். முதல்ல படம் எடுத்துப் பாப்போம்."

பற்களைக் கடித்தபடி ஒரு எக்ஸ்ரே, வேர்நுனி வரை தெரிய இன்னொன்று. முதல் படத்தில் மேல்பற்கள் சுத்தமாக இருந்தன. கீழே இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டும் இடத்தில், வெளியே தெரியாத சொத்தை இரண்டையும் அரித்திருந்தது. அடுத்த படத்தில், அவற்றில் பின்னால் இருந்த பல்லின் வேர்நுனியில் ஒரு கறுப்பு வட்டம்.

"அங்க சீழ் கட்டியிருக்கு. பல்லோட நரம்பு செத்துப்போச்சு. கீழ இருக்கற வலி சில பேருக்கு மேல இருக்கற மாதிரி தெரியும்."

அக்கா திரையையே பார்த்தாள். "அப்போ நல்ல பல்லையில்ல பிடுங்கச் சொன்னேன்?"

"அதனாலதான் படம்."

மரத்துப்போக ஊசி போட்டு, பின்பல்லைத் துளைத்துச் சீழை வடியவிட்டார். வேரைச் சுத்தம் செய்து அடைக்க அடுத்த வாரம் வரச் சொன்னார். அதற்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லுக்குச் சொத்தையை எடுத்து அடைத்தால் போதுமாம்.

மரத்த வாயால் அக்கா குழறினாள். "நூலைப் பல்லால கடிக்கலாமா?"

"கத்தரிக்கோல் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

அன்றிரவு அக்கா நன்றாகத் தூங்கினாள்.