படுத்து எடுத்த படம்

எண்பதுகளின் தொடக்கத்தில், குடாநாட்டின் வடகரையிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை என் பொறுப்பில் இருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். படம் எடுக்கும்போது அசைகிறவர்களைக் கண்டால் பொறுக்கவே மாட்டேன். அதனால் அன்று வந்த மீனவருக்கும் நன்றாகவே ஏச்சு விழுந்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும். வள்ளம் தள்ளித் தள்ளி உரமேறிய தோள்கள். படம் விழும் தகட்டோடு நெஞ்சை அணைத்து நிற்கச் சொன்னேன். நின்றார். ஆனால் தலை மட்டும் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் சொல்வதற்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பேச்சை நிறுத்தியும் ஆட்டம் நிற்கவில்லை.

"ஆடாமல் நில்லும் தம்பி" என்று அதட்டினேன்.

"நான் ஆடேல்லை ஐயா, அது தன்பாட்டிலை ஆடுது" என்றார் அவர்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கழுத்தின் இரு பக்கமும் நாடி துள்ளி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் துள்ளலுக்குத் தக்கபடி தலையும் அசைந்தது. அவரை அனுப்பியிருந்த டொக்டரம்மா அந்த நேரம் அறைக்குள் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீனவரின் விரல் நுனியை மெதுவாக அழுத்திக் காட்டினார். நகத்தின் கீழே சிவப்பும் வெளிறலும் மாறி மாறி வந்து போயின. கையை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டை என் உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்க வைத்தார். நாடி என் கையில் ஓங்கி அறைந்தது, உடனே ஒன்றுமில்லாமல் விழுந்தது. இருபது வருடம் எலும்பையும் நுரையீரலையும் படம் பிடித்தவன் நான். உள்ளே இருக்கும் ஒரு கோளாறு நகக்கண்வரை வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தின் வாசலிலிருந்த வால்வைக் கெடுத்துவிட்டது என்று டொக்டரம்மா விளங்கப்படுத்தினார். இதயம் வெளியே தள்ளுகிற இரத்தத்தில் ஒரு பங்கு, மூடாத அந்த வால்வு வழியே திரும்பி உள்ளே விழுகிறது. அடுத்த துடிப்பில் புதிதாக வந்ததையும் திரும்பி விழுந்ததையும் சேர்த்துத் தள்ளவேண்டும். அதனால் பிரஷரின் மேல் எண் நூற்றெழுபது. தள்ளியது பின்னால் வடிந்துவிடுவதால் கீழ் எண் நாற்பது. அந்த இடைவெளிதான் தலையை ஆட்டுகிறது.

ஆனால் அவருக்கு ஒரு களைப்பும் இல்லை. இடது பக்க இதயம் பெருத்துப் பெருத்து அந்தச் சுமையை வருடக்கணக்காகச் சமாளிக்கும், ஆளுக்குத் தெரியாது. ஒரு எல்லை தாண்டினால் தசை களைத்துப்போகும். பிறகு புது வால்வு வைத்தாலும் அது பழைய நிலைக்கு வராது. அதற்காக முந்திக்கொண்டு ஒப்பரேசன் செய்யவும் கூடாது. செயற்கை வால்வுக்கும் அதன் ஆபத்துகள் உண்டு, இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்கக் குளிசையும் விழுங்கவேண்டும். எனவே ஆள் என்ன சொல்கிறார் என்பதை நம்பாமல், இதயத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எங்களிடம் அதற்கு இருந்தது என்னுடைய படம் ஒன்றுதான்.

அவருக்கு முந்திய வருடம் எடுத்த படம் ஒன்று எங்கள் பழைய படக் கோவையில் இருந்தது. டொக்டரம்மா இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இதய நிழலின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்தார். அதிலும் பதினாறு சென்ரிமீற்றர், இதிலும் பதினாறு.

"ரெண்டும் நிண்டபடிதானே எடுத்தது, அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் வேலையைப் பற்றி என்னிடமே கேட்கிறாரே என்ற எரிச்சல்.

இதயம் பெருக்கவில்லை, இப்போதைக்கு ஒப்பரேசன் வேண்டாம், அடுத்த வருடம் வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மீனவர் சந்தோசமாகப் போனார். இன்னும் மூன்று நாளில் முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டு, அந்த ஓலைக் குடிலிலேயே தங்கித் தொழில் செய்யப் போகிறாராம், திரும்ப மாதக்கணக்காகும்.

பின்னேரம் படங்களை உறையில் இடும்போது பழைய படத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நுரையீரலுக்கு மேலே விழுந்து கிடந்தன. நின்றபடி, தோளை முன்னே தள்ளித் தகட்டை அணைத்து எடுத்த படத்தில் அவை அப்படி விழாது. நோயாளர் தங்கும் வாட்டின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போது அவர் நெஞ்சுச் சளிக்காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். வாட்டுக்கு மெசினைத் தள்ளிக்கொண்டுபோய், தகட்டை முதுகின் கீழே வைத்து, மேலிருந்து எடுத்தவன் நானேதான். படத்தின் மூலையில், படுத்து எடுத்தது என்று குறிக்கவேண்டியது விதி. குறிக்கவில்லை.

அப்படி எடுத்தால் இதயம் தகட்டிலிருந்து தள்ளி நிற்கும், கதிர் வரும் குழாயும் கிட்ட இருக்கும். சுவரிலிருந்து கையை விலக்கி விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் பெருப்பது போலத்தான். பழைய படத்தின் பதினாறு, ஊதிப்போன பதினாறு. அன்றைய பதினாறு, கிட்டத்தட்ட உண்மையான பதினாறு. அப்படியென்றால் ஒரு வருடத்தில் அந்த இதயம் பெருத்துவிட்டது. நான் சொன்ன ஒரு "ஓம்" அதை மறைத்துவிட்டது.

டொக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை. ஆளைக் கூட்டிவர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் பஸ் ஏறி அவருடைய ஊருக்குப் போனேன். லொறியில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை, வாடி முடிந்து வாறன் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. மூன்று பேர் தூக்குகிற வலையை ஒற்றையாளாகத் தூக்கி எறிந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"தம்பி, பிழை விட்டது நான். படுத்து எடுத்த படத்தை நிண்டு எடுத்தது எண்டு சொல்லிப்போட்டன். உம்மடை நெஞ்சு பெருத்துக்கொண்டு போகுது" என்றேன்.

பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து, லொறியிலிருந்து அவருடைய உடுப்புப் பெட்டியை இறக்கி வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்றே அவரைக் கட்டிலில் கிடத்தி, முன்பு எடுத்த அதே தூரத்தில், அதே மாதிரி இன்னொரு படம் எடுத்தேன். இந்தமுறை மூலையில் பெரிதாக எழுதினேன். போன வருடம் பதினாறு இருந்தது, இப்போது பதினெட்டு.

கொழும்பில் ஒலியலையால் இதயத்தை அளக்கும் புது மெசின் வந்திருந்தது, அங்கே அவரை அனுப்பினோம். முழுதாகச் சுருங்கி முடித்த பிறகும் இடது அறை ஐந்தேகால் சென்ரிமீற்றருக்கு மேல் நின்றதாம். ஐந்தரையைத் தாண்டினால் தசை திரும்புவது நிச்சயமில்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் வால்வு மாற்றினார்கள்.

ஆறு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். நின்றபடி எடுத்தேன், தலை ஆடவில்லை. பதினாலு. நம்பாமல் மூன்று தரம் அளந்தேன். பெருத்த தசை, சுமை குறைந்ததும் தானாகத் திரும்பி வந்திருந்தது. ஈரம் காயாத அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் சட்டை போடும்வரை மனைவி என்னோடு வெளியே நின்றார்.

"கலியாணம் கட்டின நாள்தொட்டு, இவர் படுத்தால் நெஞ்சடிப்புக்குக் கட்டில் ஆடும் ஐயா" என்றார். "ஆம்பிளையள் எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நான் நினைச்சிருந்தன். இப்ப ஆடுறேல்லை. எனக்குத்தான் நித்திரை வருகுதில்லை. நெஞ்சிலை காதை வைச்சு, அந்தப் புது வால்வு டிக் டிக்கெண்டு அடிக்கிற சத்தத்தைக் கேட்டிட்டுத்தான் படுக்கிறன்."