பள்ளி வேனில் வந்த வாந்தி

தையல் ஆலையில் வேலை பார்த்த அவளுக்கு மாதம் நான்கு முறையாவது ஒற்றைத் தலைவலி வரும். வெளிச்சம் பட்டாலே குமட்டும். "நல்லா நடிக்கிறே" என்பார் மேற்பார்வையாளர். முப்பத்தாறு வயதில்தான் நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனாள்.

"சின்ன வயசுல பஸ்ல போனா வாந்தி வருமா?" என்று கேட்டார் டாக்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாந்திக்காரி என்றுதான் அண்ணன் கூப்பிடுவான். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அப்பா முதுகில் வைத்த அறைகள் கொஞ்சமா?

"ரெண்டுக்கும் தொடர்பு இருக்கும்மா. அசைவு, வெளிச்சம் எல்லாம் உங்க மூளைக்குக் கொஞ்சம் அதிகமாவே உறைக்குது. பெரும்பாலும் பரம்பரையா வர்றது. மாத்திரையில கட்டுப்படுத்தலாம்."

இத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அன்று மாலை பள்ளி வேனிலிருந்து மகள் வாந்தியில் நனைந்த சட்டையோடு இறங்கினாள்.

"கொழுப்பு, வேணும்னே பண்ணுது" என்றார் ஓட்டுநர்.

"இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க!" அவள் குரலில் தெருவே திரும்பியது. "நாளையிலேருந்து இவ முதல் வரிசையில, ரோட்டைப் பார்த்தாப்பல உட்காரணும்."

ஓட்டுநர் தலையாட்டினார். வீட்டுக்கு நடக்கும்போது டாக்டர் சொன்னதை அவள் மகளிடம் சொன்னாள்.

"எனக்கும் தலைவலி வருமாம்மா?" என்றாள் மகள்.

"வரலாம், வராமலும் போகலாம். வந்தா, நடிப்புன்னு எவனாவது வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கறேன்."