குளிருக்கு மூடிய காற்று

கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்று பதினோரு வருடமாக வாய் ஓயாமல் சொல்பவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளுடைய அக்காவே, "கண்ணுக்குத் தெரியாத பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்றுதான் போனில் விசாரிப்பாள்.

செம்புச் சுரங்கத்தின் ஆய்வுக்கூட உதவியாளர் அவள். டன்னுக்கு மூன்று கிலோ செம்புகூடத் தேறாத கல்லை உலையில் போட்டால் எரிபொருளுக்கே கட்டாது. அதனால் உடைத்து, மலை போலக் குவித்து, மேலே நீர்த்த அமிலத்தைச் சொட்டவிடுவார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள், கரைந்த இரும்பிலிருந்து தங்கள் பிழைப்பை நடத்திக்கொண்டு அதைக் கூர்மையாக மாற்றிவிடும். அந்த இரும்பு கல்லைத் தாக்கிச் செம்பைக் கரைக்கும். கரைத்த களைப்பில் பழைய நிலைக்குத் திரும்பும். பாக்டீரியா மறுபடி அதைத் தட்டி எழுப்பும். அடியில் வடிவதைக் குளத்தில் பிடித்துச் செம்பைப் பிரிப்பார்கள்.

இப்போது மூன்றாம் குவியல் படுத்துவிட்டது. உள்ளே முப்பத்துநாலு டிகிரி இருந்த சூடு இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. பழுப்புச் சிவப்பாக வடிந்த நீர் வெளிறிய பச்சையாகிவிட்டது.

"பத்து நாள் பாக்குறேன்மா. அப்புறம் மூடிடுவோம்," என்றார் மேலாளர்.

அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய குவியல் அது. அமிலத்தைச் சோதித்தாள், சரியாக இருந்தது. பிறகு குவியலின் அடிக்குப் போகும் காற்றுக் குழாயில் கையை வைத்தாள். அதிர்வே இல்லை.

காற்றூதியைப் பார்த்துக்கொள்பவர் நல்ல மனுஷர். "நான்தாம்மா நிறுத்தினேன். ரெண்டு வாரமா ஒரே குளிரு. குவியல் வேற ஆறிக்கிட்டே வந்துச்சு. பாவம், உங்க பூச்சிங்க வெறைச்சுடக் கூடாதேன்னு..."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அண்ணே, அதுங்களுக்குக் காத்து வேணும். காத்து இருந்தாத்தான் வேலை செய்யும், வேலை செஞ்சாத்தான் சூடே வரும். குளிருக்குப் போர்த்துறேன்னு மூச்சையே அடைச்சுட்டீங்க."

அவர் முகம் செத்துப்போனது. அடுத்த நிமிடமே ஓடிப்போய் ஊதியைப் போட்டார்.

ஐந்தாம் நாள் வரை ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இருபத்துநாலு டிகிரி. ஒன்பதாம் நாள் இருபத்தேழு. அவள் சோற்றை மறந்து வெப்பமானியோடே கிடந்தாள்.

பத்தாம் நாள் மூடும் உத்தரவோடு மேலாளர் வந்தார். அவர் கண் முன்னால் வடிநீரில் சோதனை மருந்தை ஒரு சொட்டு விட்டாள். கண்ணாடிக் குழாய் முழுக்க ரத்தச் சிவப்பு.

"இரும்பு மாறிடுச்சு சார். இந்த அமிலத்துல வெறும் காத்தால இவ்வளவு சீக்கிரம் இது நடக்காது. உயிர் இருந்தாத்தான் நடக்கும்."

மேலாளர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். உத்தரவை நாலாக மடித்துப் பையில் செருகினார். "காத்தை மட்டும் நிறுத்தாதீங்க," என்றார்.

ஊதிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

"சாப்பிடுதுங்கக்கா," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அக்கா முதல்முறையாகச் சிரிக்கவில்லை.