ஆளுக்கொரு ஆர்டர்

ஜூன் 9: என் மகன் இறந்தான்.
ஜூன் 26: அவனும் மருமகளும் நடத்திய இணையக் கடையை மருமகள் தனியாக மீண்டும் திறந்தாள். விற்பனைப் பொருள்: குழந்தைகளுக்கான பனியன் துணி இரவு உடைகள்.
ஜூலை 3: ஒரே நாளில் முப்பத்தொரு ஆர்டர்கள். இருபத்தெட்டு கேஷ் ஆன் டெலிவரி.
ஜூலை 12 முதல் 19 வரை: அவற்றில் பத்தொன்பது பார்சல்கள் “வாங்க மறுத்தார்” என்ற குறிப்புடன் திரும்பின.
ஜூலை 20: அடுத்த மாதமும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போவதாக மருமகள் சொன்னாள்.

அவள் அதைச் சொன்னபோது அழவில்லை. திரும்பிய பார்சல் ஒன்றைப் பிரித்து, கசங்கிய உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போகும் கூலி, வரும் கூலி இரண்டும் அவள் தலையில். அத்துடன் சரக்கு இரண்டு வாரம் லாரிகளில் சுற்றிக்கொண்டிருந்ததால், அந்த அளவுகளைக் கேட்ட வேறு ஆட்களுக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். வேறு எதற்கும் பயன்படாத அந்த நாட்களில், ஆர்டர்களைச் சரிபார்க்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். ஆர்டர் விழுந்ததும் வாட்ஸ்அப்பில் உறுதிப்படுத்தும் செய்தி. பதில் இல்லையென்றால் நானே அழைப்பேன். அதற்கும் பதில் இல்லையென்றால் பார்சல் அறையை விட்டுப் போகாது. தவறான எண்களும் அரைகுறை முகவரிகளும் இதில் சிக்கின. ஆனால் திரும்பிய பத்தொன்பதை எடுத்துப் பார்த்தபோது குழம்பினேன். கடை திறந்த நாளிலிருந்தே மருமகள் அதே செய்தியை அனுப்பி வந்திருக்கிறாள். அந்தப் பத்தொன்பது பேரும் “ஆம்” என்று பதில் அளித்திருந்தார்கள்.

பெயரைக் கவனிக்காமல், எங்கள் ஊர் ராயபுரத்து முகவரி ஒன்றின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவன் என் சித்தப்பா மகன். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவன்.

அந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு அவனுடைய கம்பெனிக்குப் போனேன். கட்டிங் டேபிளுக்கு அருகில் நாற்காலி போட்டான்.

“ஏனுங்கண்ணா, இந்த வெய்யல்ல நீங்களே வரோணுமா? ஒரு போன் போட்டா ஆகாதுங்களா?”

“ஜூலை மூணாந்தேதி ஆர்டர் போட்டயா?”

“போட்டனுங்க. எங்க ஊட்டுல மட்டும் ஆறு பேரு போட்டமுங்க.” அவன் முகத்தில் பெருமை இருந்தது. “காரியத்தன்னைக்குப் பேசிக்கிட்டமுங்க. பாவம், தனியா நிக்குது அந்தப் புள்ள, ஆளுக்கொரு ஆர்டர் போட்டு உடுவோம், கடை ஓடுற மாதிரி இருக்கட்டும்னு. நாந்தானுங்க நம்ம சொந்தக்காரங்க குரூப்புல லிங்க் போட்டது.”

“வந்த பார்சலை ஏன் வாங்கலை?”

“எங்க ஊட்டுல ஏதுங்க சின்னக் கொழந்தை?” சிரித்தான். “கேஷ் ஆன் டெலிவரிதானுங்களே. வேண்டாம்னா ஆருக்கும் ஒண்ணும் நட்டமில்லீல்லங்க?”

பார்சலை டேபிளின் மேல் வைத்தேன்.

“அட்வான்ஸ் வராம நீ துணி வெட்டுவயா?”

“அதெப்படீங்க? சரக்கு வாங்கற பையர் கழண்டுக்கிட்டா நான் தெருவுல நிக்கோணுமே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. கட்டிங் மாஸ்டர் கத்திரியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“அவ நிக்கறா” என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். வாங்கவில்லை. வேண்டுமென்றால் கடையில் ஆர்டர் போட்டு, எல்லோரையும் போல முன்பணம் கட்டு என்றேன். “சொந்தத்துக்குள்ள அட்வான்ஸுங்களா?” என்று கேட்டான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. என் மகனின் சாவுக்கு வந்து உண்டுவிட்டு, அவன் மனைவியின் தலையில் இரக்கத்தைப் பார்சல் பார்சலாகச் சுமத்தியவர்கள் இவர்கள். கெட்டவர்கள் என்றால் வெறுப்பது எளிது.

வீடு திரும்பி மருமகளிடம் சொன்னேன்.

“தெரியுமுங்க மாமா” என்றாள். “பேரெல்லாம் பாத்தப்பவே தெரியும். கேட்டா மனசு நோவாங்கன்னு உட்டுட்டேன்.”

“உன் மனசு?”

அவள் இன்னொரு உடையை இஸ்திரிக்கு எடுத்தாள். அன்று மாலையே கடையில் விதியை மாற்றினோம். கேஷ் ஆன் டெலிவரிக்குச் சிறு முன்பணம், பொருள் சேரும்போது விலையில் கழியும். காரணமின்றி மறுத்த எண்ணுக்கு அடுத்த முறை முழுத் தொகையும் முன்னதாகவே. விதிவிலக்கு யாருக்கும் கிடையாது.

ஆகஸ்டின் முதல் வாரத்தில் பதினோரு ஆர்டர்கள் மட்டுமே வந்தன. ஒன்று திரும்பியது, அளவு போதவில்லை. உறவுக் குழுவில் யாரும் பேசுவதில்லை.

“பதினொண்ணு போதுமுங்க மாமா. பதினொண்ணும் நெசம்” என்றாள் மருமகள். செக்கிங் வேலைக்கு இப்போதைக்கு வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:
திரும்பிய உடைகளில் கறைபட்ட நான்கைத் தனியே பிரிப்பது.
“வாங்க மறுத்தார்” என்று வரும் ஒவ்வொரு குறிப்பையும் அன்றே வாடிக்கையாளரை அழைத்துச் சரிபார்க்கத் தொடங்குவது.
ராயபுரத்தில் விட்டுவந்த பார்சலைத் திருப்பி வாங்குவது.
உறுதிப்படுத்தும் செய்தியின் அடியில் இன்னும் போய்க்கொண்டிருக்கும் என் மகனின் பெயரை எடுப்பது.