மூன்று சென்டிமீட்டர் கிரானைட்

சர்வே பிராக்டிகலுக்கு நான் மூன்றாவது தடவையாகப் போனேன். முதல் தடவை உயரம் பார்க்கும் லெவல் கருவியின் கண்வில்லையைச் சரிசெய்யாமலே பார்த்துவிட்டேன். தலையை அசைத்தால் குறுக்குக்கோடும் கூடவே அசைந்தது. எடுத்த ரீடிங் எல்லாம் குப்பை. இரண்டாவது தடவை காய்ச்சல். இதிலும் தோற்றால் டிப்ளமா பதிவே ரத்தாகிவிடும் என்று ஆபீஸ் கிளார்க் சொல்லியிருந்தார். முப்பத்தாறு வயதில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. பாஸாக வேண்டும், அவ்வளவுதான். அறிவுத்தாகம் எல்லாம் தாராவி வீட்டுக்கும் செம்பூருக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்ததில் எப்போதோ வற்றிப்போயிருந்தது.

செம்பூரில் ஒரு சாக்கடைக் கான்ட்ராக்டரிடம் வரைபடம் போடும் வேலை எனக்கு. பகலெல்லாம் குழாய்களின் சரிவை வரைந்துவிட்டு, சாயங்காலம் கல்லூரியில் அதே சரிவைப் பாடமாகப் படிப்பேன். டிப்ளமா வந்தால் சைட் இன்ஜினியர் என்று கூப்பிடுவார்கள். வராவிட்டால் கடைசிவரை 'டிராயிங் மேடம்'தான்.

பரீட்சைக்கு எனக்கு வாய்த்த ஜோடியும் தாராவிக்காரர்தான். தோல் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் கருவியில், அவர் ஸ்டாஃப் என்கிற நெட்டை அளவுகோலைப் பிடிப்பவர். ரீடிங் எடுக்க எடுக்க இரண்டு பேரும் அவரவர் பீல்டு புக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கொடுத்த வேலை எளிதுதான். கல்லூரி கேட் அருகே பெஞ்ச்மார்க், அதன் உயரம் நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வது. அங்கிருந்து மூன்று இடங்களில் கருவியை நிறுத்தி, ஒர்க்ஷாப் வாசற்படியின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 100.435. அதை எல்லாரும் சீனியர்களிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தோம். விடை தெரிந்த பரீட்சை என்பதால் எனக்குப் பாதிக் கவலை குறைந்திருந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மரத்தடியில் உட்கார்ந்து நாங்கள் கருவியைத் தொடும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத் தனி மார்க். பெட்டியிலிருந்து டெலஸ்கோப்பைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கினேன். ட்ரைபாடின் கால்களைப் பேவர் பிளாக்குகளின் இடுக்கில் வழுக்காமல் ஊன்றினேன். குமிழி நடுவில் வந்ததும் கண்வில்லையைத் திருகிக் குறுக்குக்கோட்டை முதலில் தெளிவாக்கினேன்; பட்ட பாடு மறக்குமா. இடம் மாறும்போது கருவியை ட்ரைபாடோடு தோளில் சாய்த்துக்கொள்ளாமல் நேராகவே தூக்கிப் போனேன். வியர்வை கண்ணில் இறங்கியது. லென்ஸைத் துப்பட்டாவால் துடைக்கக் கை போனதை அடக்கிக்கொண்டேன்.

கணக்குப் போட்டேன். பின்பக்கம் பார்த்த பேக்சைட்டுகள் 1.245, 0.985, 1.720, கூட்டினால் 3.950. முன்பக்கம் பார்த்த ஃபோர்சைட்டுகள் 1.610, 1.130, கடைசியாக வாசற்படியில் 0.745, கூட்டினால் 3.485. வித்தியாசம் 0.465, கேட்டைவிடப் படி அவ்வளவு உயரம். அப்படியானால் வாசற்படி 100.465. மறுபடி கூட்டினேன். கூட்டலில் தப்பில்லை. ஆனால் கூட்டல் சரி என்றால் கூட்டல் மட்டும்தான் சரி. ரீடிங் தப்பாக இருந்தாலும் கூட்டல் பொருந்தும். முப்பது மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. இவ்வளவு சின்னத் தூரத்துக்குப் பத்து மில்லிமீட்டர்கூட விடமாட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. ஜோடிக்காரர் என் புக்கை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நாலை ஏழாக்குனா சோலி முடிஞ்சுது. 0.775. எல்லாரும் அதத்தான் பண்ணுதாவ. ஜானே தோ, விட்டுத் தள்ளுங்க."

உண்மைதான். முன்னே போனவர்கள் எல்லாரும் மில்லிமீட்டர் பிசகாமல் 100.435 கொண்டுவந்திருந்தார்கள். அவரும் தம் புக்கில் புதுப் பக்கம் திருப்பி, எல்லா ரீடிங்கையும் முத்து முத்தான கையெழுத்தில் மறுபடி எழுதி, கடைசியில் 0.775 என்று போட்டுக்கொண்டார். நானும் எழுதியிருப்பேன். நேர்மை கீர்மை எதுவும் என்னைத் தடுக்கவில்லை. எரிச்சல்தான் தடுத்தது. முதல் தடவை தப்பாகப் பார்த்தேனென்று ஒப்புக்கொள்ளலாம், இன்றைக்கு நான் தப்பாகப் பார்க்கவில்லை.

படியிலிருந்து கேட்டுக்குத் திரும்பி ஒருமுறை எடுத்துவிடலாம் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாஃபைத் தூக்கினார். நல்ல மனுஷர். திரும்பி வந்தபோது கேட்டின் உயரம் 99.998 என்று வந்தது. போய்வந்த வட்டம் முழுவதற்கும் இரண்டு மில்லிமீட்டர்தான் பிசகு. அப்படியென்றால் எங்கள் வேலை சரி, சீனியர்கள் சொன்ன அந்த விடைதான் தப்பு.

படியருகே போய் உட்கார்ந்து பார்த்தேன். மேலே பளபளவென்று கறுப்பு கிரானைட். ஓரத்தில் அதன் அடியில் பழைய மொசைக் தெரிந்தது. டேப்பை வைத்தேன், கல்லும் சாந்துமாகச் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர். போன தீபாவளி லீவில் போட்டார்கள் என்றார் லேப் அட்டெண்டர். உயரத்தைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. கல் போட்டபின் அளந்த ஒருவருக்கும் 100.435 வந்திருக்க வழியில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரே ஸ்டாஃப், ஒரே படி; என் புக்கில் 0.745, அவர் புக்கில் 0.775. நான் உள்ளதை எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். மாற்றி எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். அவர் தம் புக்கை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம், நீங்க மாத்தாதீய என்று மட்டும் சொன்னார். அவரும் மாற்றவில்லை.

திரும்பி எடுத்த கணக்கில் இரண்டு இடத்தில் தப்பாக எழுதியிருந்தேன். பீல்டு புக்கில் ரப்பர் போடக் கூடாது. ஒற்றைக் கோடு அடித்து மேலே எழுதினேன். கீழே கிரானைட் விஷயத்தை இரண்டு வரியில் குறித்தேன்.

எக்ஸாமினர் இரண்டு புக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து வெயிலில் நடந்து படிவரை போனார், குனிந்தார், விரலால் கல்லின் ஓரத்தைத் தடவினார். திரும்பி வந்து மேஜையில் அடுக்கியிருந்த மற்ற புக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து போனில் வீட்டோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், என்னிடம் அப்போதுதான் முதல் முறையாகத் தமிழில் பேசினார். மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பேச்சு.

"நீங்க போட்டிருக்கறதுதான் சரி. ஆனா அதை நான் ஒத்துண்டா, இந்த அடுக்கு முழுக்கத் தூக்கிப் போடணும். எனக்குத் தெம்பில்லேம்மா."

தெம்பில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சொல். இரண்டு புக்கிலும் கையெழுத்துப் போட்டார்.

ரிசல்ட் வந்த அன்று தாராவி சிக்னலில் பஸ் நின்றபோது போனில் பார்த்தேன். பாஸ். பக்கத்தில் நின்றவர் நகரச் சொல்லும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குச் சொல்லுமுன் ஜோடிக்காரர் கூப்பிட்டுவிட்டார். என் மார்க்கைக் கேட்டார், சொன்னேன்.

"எனக்கு ஒங்களவிட ரெண்டு கூட, அக்கா," என்றார். "புக்கு சுத்தமா இருக்குன்னு எக்ஸாமினர் போட்டாராம், லேப் அட்டெண்டர் சொன்னாரு."

பெருமையாகச் சொல்லவில்லை, பாவம்; அவர் குரல் உள்ளே போயிருந்தது. பரவாயில்லை என்றேன். பரவாயில்லாமல் இல்லை. மூன்று வருஷமாக ஏங்கிய பாஸ் கையில் இருக்க, அந்த இரண்டு மார்க்குக்காக பஸ்ஸில் நின்றபடியே அழுதேன்.