இரண்டு புள்ளி ஆறு வோல்ட்

தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் நான் ஒப்பந்த ஆசிரியை. அன்று திருத்த வேண்டியவை ரெக்டிஃபையர் ரிப்போர்ட்டுகள். ஏசியை டிசியாக்கும் அந்தச் சுற்றில், கெப்பாசிட்டர் சமன்படுத்திய பிறகும் மிஞ்சும் ஏற்ற இறக்கத்துக்கு ரிப்பிள் என்று பெயர். கணக்குப்படி ஒன்றரை வோல்ட். எல்லா ரிப்போர்ட்டிலும் அளந்ததும் அதே ஒன்றரை. உண்மையில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், கெப்பாசிட்டர் முழு நேரமும் காலியாவதில்லையே. யாரும் அளக்காமல் கணக்கையே எழுதிவிட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு பெண் மட்டும் இரண்டு புள்ளி ஆறு என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு குறிப்பு: 'ஓசிலோஸ்கோப்பில் முகடுகளுக்கு இடையே பத்து மில்லிசெகண்ட் இருக்க வேண்டும், இருபது இருக்கிறது. பாதி அலை வரவில்லை. சோதனைக் கிட்டில் ஒரு டையோட் போயிருக்கலாம். அப்படியானால் கணக்கும் இரட்டிப்பாகி மூன்று வோல்ட்.' கிட்டைச் சோதித்தேன். ஒரு டையோட் செத்துத்தான் கிடந்தது. சந்தோஷத்தில் முழு மதிப்பெண் போட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கிய நேரம். ரிப்போர்ட்டுகளைப் புரட்டிய துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"கிட்டு ரிப்பேர்னு பொண்ணே எழுதிக் குடுத்திருக்கு. நீங்க ஃபுல் மார்க் போட்டிருக்கீங்க. வர்றவங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க மேடம்?"

"டையோடை மாத்தலாம் சார். அவ எழுதினது சரி."

"கணக்கும் அளவும் மேட்ச் ஆகணும். திருப்பி எழுதச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

அவரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். எழுதாவிட்டால் லேப் மதிப்பெண் குறையும் என்றார். மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குப் போக அவளுக்கு அந்த மதிப்பெண் தேவை. அழவில்லை, வாதாடவில்லை. என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் ஒன்றரை என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அவரே போட்டுக்கொண்டார். என் வீராப்பால் ஒரு பைசா பிரயோஜனமில்லை.

சிட்லபாக்கத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் மழை. பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

அடுத்த வாரம் வேறு சோதனை. மற்றவர்கள் வயர்களை மாட்டிக்கொண்டிருக்க, அவள் அளந்த மதிப்புக்கான கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பவரே ஆன் பண்ணலையேம்மா" என்றேன்.

"கால்குலேட் பண்ணிட்டேன் மேடம். அதையே போட்டுட்டா மேட்ச் ஆயிடும்."

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பினாள்.